பருந்தா, கழுகா, ஆந்தையா: படத்தில் எதை நம்பலாம்?

"பெருசா இருக்கு, கழுகுதான்" என்று சொல்லிப் படம் அனுப்புகிறவர்கள் அதிகம். படத்தில் உருவளவு தெரியாது. தெரிந்தாலும் அது நம்மைத் தவறான பக்கம்தான் தள்ளும். குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வலசை வரும் பூட்டட் ஈகிள் உண்மையான கழுகு. ஆனால் ஊரெங்கும் வட்டமிடும் கரும்பருந்தைவிட அது சிறியது. கரும்பருந்தின் சிறகு விரிப்பு ஒன்றரை மீட்டரை நெருங்கும், பூட்டட் ஈகிளுக்கு ஒன்றேகால் மீட்டர் அளவுதான். அதனால் உருவளவை விட்டுவிட்டு நிழலுரு, அலகு, கால் மூன்றையும் பார்ப்போம். பறக்கும் படத்துக்கு நிழலுரு, உட்கார்ந்த படத்துக்கு கால், இரண்டும் போதாதபோது அலகு. என் வரிசை இது. ஏன் என்று இரண்டு ஜோடிகளை வைத்துச் சொல்கிறேன்.

முதல் ஜோடி கரும்பருந்தும், உடல் முழுக்கக் கரும்பழுப்பாக இருக்கும் பூட்டட் ஈகிளும். இந்தக் கழுகில் வெளிர் நிறத்தது, அடர் நிறத்தது என இரு வகை உண்டு. வெளிர் நிறத்ததில் சிறகின் அடிப்பக்கம் முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு என்று பளிச்சென இருப்பதால் குழப்பமில்லை. அடர் நிறத்ததுதான் கரும்பருந்துக் கூட்டத்துக்குள் கலந்து தப்பிவிடும்.

நிழலுருவில் எல்லோரும் முதலில் தேடுவது வால். கரும்பருந்தின் வால் நுனி நடுவில் உள்வாங்கி, இரு ஓரமும் நீண்டிருக்கும். கழுகுக்கு கத்தரித்து விட்டதுபோல நேராக இருக்கும். பருந்து திரும்பும்போது வாலை விசிறியாக விரிக்கும், அந்த நொடியில் பிளவு மறைந்து வாலும் கழுகுடையதைப் போல நேராகிவிடும். ஓர வால் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும் காலத்திலும் இதே கதைதான். ஆகவே பிளவு தெரிந்தால் பருந்து என்று உறுதியாகச் சொல்லலாம். பிளவு தெரியாததால் மட்டும் கழுகு என்று சொல்லக்கூடாது. ஒரே படத்துக்குப் பதில் தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுக்கச் சொல்வது இதனால்தான். ஏதாவது ஒன்றில் வால் மூடியிருக்கும்.

அடுத்தது சிறகு. மிதக்கும்போது பருந்தின் சிறகு மணிக்கட்டில் மடங்கி, நுனி சற்றுக் கீழே தொங்கும். வாலைத் திருகித் திருகித் திசை மாற்றிக்கொண்டே இருக்கும். கழுகின் சிறகு பெரும்பாலும் தட்டையாக நிற்கும். சிறகு நுனியில் விரல்போல் பிரிந்து நிற்கும் இறகுகளை எண்ணிப் பார்ப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் இந்த ஜோடிக்கு அது உதவாது. இரண்டிலும் ஆறு.

கூந்தன்குளத்தில் ஜனவரியில் ஒரு நண்பர் எடுத்த படம் இதற்கு நல்ல உதாரணம். வெளுத்த வானம், நடுவில் கறுப்பாக ஒரு பறவை, வால் பாதி விரிந்திருந்தது. கூட இருந்தவர்கள் கரும்பருந்து என்றார்கள். படத்தில் நிழல் பகுதிகளை மட்டும் வெளிச்சமாக்கிப் பார்த்தோம். சிறகின் முன்விளிம்பு கழுத்தோடு சேரும் இடத்தில், இரு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி. பூட்டட் ஈகிளின் இரு நிற வகைகளுக்கும் இந்த முன்விளக்குகள் உண்டு. கரும்பருந்துக்குக் கிடையாது. அடுத்த படத்தில் பறவை சாய்ந்து முதுகைக் காட்டியது. வால் தொடங்கும் இடத்துக்கு மேலே வெளிர் பிறை ஒன்று இருந்தது. பருந்துக்கும் சிறகின் மேற்பக்கம் வெளிர் பட்டை இருக்கும், அதை நம்பினால் ஏமாறுவோம். வாலுக்கு மேலேயும் வெளுத்திருந்ததால் கழுகு என்று முடிவு செய்தோம். வெறும் கறுப்பு உருவத்தை வைத்து இதைச் சொல்லியிருக்க முடியாது.

இந்த ஜோடிக்கு அலகு எங்கே உதவும்? அநேகமாக எங்கேயும் இல்லை. பூட்டட் ஈகிளின் அலகு சிறியது, பருந்தின் அலகும் மெலிந்தது. பெரிய கழுகுகளுக்குள்தான் அலகுக்கு மதிப்பு. இந்தியப் புள்ளிக் கழுகுக்கும் பெரும்புள்ளிக் கழுகுக்கும் தகராறு வந்தால், வாயின் மஞ்சள் ஓரம் கண்ணுக்கு அடியில் எதுவரை நீள்கிறது என்று பார்ப்பார்கள். இந்தியப் புள்ளிக் கழுகில் அது கண்ணின் பின்விளிம்பு வரை ஓடும். தலை பக்கவாட்டில் தெளிவாக விழுந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

உட்கார்ந்த படம் கிடைத்தால் நேராகக் காலுக்குப் போய்விடுங்கள். பருந்தின் கணுக்கால் மஞ்சளாக, குட்டையாக, இறகின்றித் தெரியும். பூட்டட் ஈகிளுக்கு விரல் தொடங்கும் இடம் வரை இறகு மூடியிருக்கும். சரி, இறகு இருந்தால் கழுகு, இல்லாவிட்டால் பருந்து என்று விதியாக்கிவிடலாமா? முடியாது. பாம்புக் கழுகின் காலில் இறகு இல்லை, செதில் செதிலாகத் தடித்த தோல்தான். கடலோரத்து வெள்ளை வயிற்றுக் கடற்கழுகுக்கும் கணுக்கால் வெறுமை. எதிர்ப்பக்கம், ஆந்தைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காலில் இறகு உண்டு, மீன் பிடித்துத் தின்னும் மீன் ஆந்தைக்கு இல்லை. அதனால் கால் இறகு, தலையின் வடிவம் தெரிந்த பிறகு கேட்கவேண்டிய கேள்வி.

இரண்டாவது ஜோடியை நெல்வயல் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவேண்டும். கருந்தோள் பருந்தும் கூகையும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம், ஓரடிக்குச் சற்று அதிகம். அடிப்பக்கம் இரண்டுமே வெள்ளை. இரண்டும் எலியைத் தேடி வயலின் மேல் தாழப் பறக்கும், காற்றில் ஒரே இடத்தில் படபடத்து நிற்கும். எலிக்காக விவசாயிகள் நட்டு வைக்கும் டி வடிவக் குச்சியில் இரண்டுமே வந்து உட்காரும். சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த மங்கலான படத்தில், பருந்தின் பெரிய கண்ணும் உருண்டைத் தலையும் ஆந்தை என்றே நினைக்க வைக்கும்.

இங்கே அலகு நன்றாக வேலை செய்கிறது. பருந்தின் அலகு முகத்திலிருந்து முன்னே நீண்டு, கறுப்பாக, அடியில் மஞ்சள் தோலோடு தெரியும். கூகையின் அலகு வெளிறியது, கீழ்நோக்கி இறங்கியது, அடிப்பாகம் இறகுக்குள் புதைந்திருப்பதால் நுனி மட்டும்தான் எட்டிப் பார்க்கும். கண் பருந்துக்குச் சிவப்பு, கூகைக்குக் கறுப்பு.

நிழலுருவும் கைகொடுக்கும். பருந்தின் சிறகு கூர்மையானது, அடிப்பக்கத்தில் நுனி கறுத்திருக்கும். கூகைக்கு அகன்று மழுங்கிய சிறகு, கழுத்தே இல்லாததுபோல் பெரிய தலை, தாக்க இறங்கும்போது கீழே நீளும் கால்கள்.

அப்புறம் விரல்கள். பருந்து கிளையைப் பிடிக்கும்போது வழக்கமாக மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே. ஆந்தை தன் வெளிவிரலைப் பின்னால் திருப்பிக்கொள்ளும் என்பதால் பெரும்பாலும் முன்னே இரண்டுதான் தெரியும். ஆனால் அது திருப்பித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. மதில்மேல் நிற்கும் ஆந்தைக்கு மூன்று விரலும் முன்னே தெரியலாம். மீன் பிடிக்கும் வேட்டைப் பறவையான விரால் அடிப்பானுக்கும் வெளிவிரல் திரும்பும், ஆகவே முன்னே இரண்டு விரல் என்பதை மட்டும் வைத்து ஆந்தை என்று எழுதிவிடாதீர்கள்.

வால் விரிந்து, முகம் இருண்டு, கால் இறகுக்குள் மடங்கிய ஒரே ஒரு படம்தான் இருக்கிறதென்றால், பதிவில் 'இனம் தெரியாத வேட்டைப் பறவை' என்று போடுங்கள். வலசைக் காலத்துப் பட்டியலில் தவறாகச் சேரும் ஒரு பூட்டட் ஈகிளைவிட அது எவ்வளவோ பயனுள்ள பதிவு.