எரிபொருள் அறவீடா, திறைசேரி ஒதுக்கீடா? வன்னியில் ஒரு கிரவல் வீதியின் கணக்கு

பெற்றோலிலும் டீசலிலும் லீற்றருக்கு இத்தனை ரூபா என்று அறவிட்டு, அந்தக் காசை வீதிக்கு மட்டும் செலவிடலாம். அல்லது எல்லா வரியையும் ஒரே இடத்தில் சேர்த்து, வீதிக்கு எவ்வளவு என்று பாராளுமன்றம் ஆண்டுதோறும் பங்கிடலாம். இலங்கையில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான். எரிபொருளில் அறவிடும் வரிகள் திரட்டு நிதியத்துக்குப் போகின்றன, வீதி அதில் பங்கு கேட்கும் பலரில் ஒன்று. ஆனால் அரசியலமைப்பின் 149ஆம் உறுப்புரை, சட்டத்தால் குறித்த நோக்கத்துக்கென ஒதுக்கப்படாத வருமானமே திரட்டு நிதியத்தில் சேரும் என்கிறது. ஆகவே சட்டம் இயற்றினால் தனி வீதி நிதியம் வைக்கலாம். வைத்தால் வன்னிக்கு என்ன மாறும் என்பதே கேள்வி.

பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 வீதியிலிருந்து வயல்வெளிக்குப் பிரியும் 5 கிலோமீற்றர் பிரதேச சபை வீதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 4 மீற்றர். ஒழுங்காகப் பராமரித்தால் ஆண்டுக்கு ஒருமுறை கிரேடர் ஓட்டி, நடுவை ஓரத்தைவிட 10 சென்ரிமீற்றர் உயர்த்தி, பக்க வாய்க்காலையும் மதகு வாயையும் துப்புரவாக்கினால் போதும். நாலைந்து வருடம் விட்டுவிட்டால் கிரவல் அள்ளுண்டு அடிமண் தெரியும். பிறகு 15 சென்ரிமீற்றர் தடிப்பில் புதிதாகப் போடவேண்டும். இறுக்கிய பின் கிலோமீற்றருக்கு 600 கன மீற்றர் என்றால், ஏற்றும்போது தளர்ந்த கணக்கில் ஏறத்தாழ 750. அதாவது 265 கியூப், 3 கியூப் ரிப்பரில் 88 லோட். ஐந்து கிலோமீற்றருக்கு 440 லோட். அந்த 440 லோட் ரிப்பர்கள் வந்துபோகும் வழியில் இன்னொரு வீதி உடையும் என்பது தனிக்கதை.

பொது வருமானத்தில் இருந்து வரும் காசின் பெரிய பலவீனம் இங்கே நாட்காட்டிதான். நிதியாண்டு ஜனவரி முதல் டிசெம்பர் வரை. ஒதுக்கீடு தாளில் இருக்கும், கட்டுநிதி துண்டு துண்டாக வரும். மதிப்பீடு, கேள்வி கோரல், ஒப்பந்தம் என்று முடிய ஆவணி, புரட்டாதி ஆகிவிடும். வன்னியில் மண்வேலைக்கு உகந்தது மாசி முதல் புரட்டாதி வரைதான், ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும். செலவழியாத ஒதுக்கீடு டிசெம்பர் 31 உடன் காலாவதி. அதனால் காசைத் திருப்பி அனுப்பாமல் இருக்க, கார்த்திகை மழையில் கிரவல் கொட்டுவார்கள். நனைந்த கிரவல் ரோலருக்கு இறுகாது, சில்லுக்கு அடியில் பிசையும். தை மாதம் போய்ப் பார்த்தால் உழவு இயந்திரத்தின் இரண்டு தடமும் வாய்க்கால்போல் தண்ணீர் பிடித்திருக்கும், கிரவல் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். கணக்கில் அந்த வீதி "நிறைவு".

தனி நிதியத்தின் உண்மையான அனுகூலம் இதில்தான் இருக்கிறது. மிச்சக் காசு அடுத்த ஆண்டுக்குக் கடத்தப்பட்டால், கேள்வியை மாரியில் கோரி, வேலையை மாசியில் தொடங்கலாம். பல ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றையும் ஒரே ஒப்பந்தகாரருக்குக் கொடுக்கலாம். அறவீட்டின் அளவைவிட இந்தக் கடத்தும் உரிமைக்கே பெறுமதி அதிகம்.

"எங்கள் காசு எங்கள் வீதிக்கு" என்ற வாக்குறுதியைச் சந்தேகத்தோடுதான் கேட்கவேண்டும். கற்பனையாக ஒரு கணக்கு: கடந்த ஆண்டு ஒரு சபைக்கு வீதிக்கென 50 இலட்சம் வந்தது. இந்த ஆண்டு அறவீட்டு நிதியம் 40 இலட்சம் தருகிறது. திறைசேரி வழமையான தொகையை 15 இலட்சமாகக் குறைக்கிறது. மொத்தம் 55. பலகையில் 40 இலட்சம் என்று எழுதலாம், உண்மையில் கூடியது 5 இலட்சம். ஆகவே நிதியத்தின் வரவை மட்டும் பார்க்காமல் வீதிக்கான மொத்தச் செலவையும் பார்க்கவேண்டும். நிதியத்தில் காசு தேங்கினால் வேறு ஆபத்து. பிரித்தானியாவில் வாகன வரியில் இயங்கிய வீதி நிதியத்தின் மிச்சத்தை 1926இல் நிதியமைச்சராயிருந்த சேர்ச்சில் பொதுச் செலவுக்கு எடுத்தார்.

அடுத்தது பங்கீடு. லீற்றருக்கு 10 ரூபா அறவீடு, நாளொன்றுக்கு 6,000 லீற்றர் விற்கும் ஒரு பெற்றோல் செற் என்று வைத்தால் ஆண்டுக்கு 2 கோடி 19 இலட்சம். விற்ற இடத்துக்கே காசு என்று விதி வந்தால் கொழும்பும் கம்பஹாவும் அள்ளிக்கொண்டு போகும். வவுனியாவில் நிரப்பிய டீசல் ஒட்டுசுட்டானில் எரிந்தாலும் காசு வவுனியாவுக்குத்தான். வீதி நீளம், வீதியின் நிலை, மழை ஆகியவற்றை வைத்துப் பங்கிட்டால் வன்னிக்கு நியாயம் கிடைக்கலாம். அப்போதும் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், சி, டி தர வீதிகள் மாகாணத்திடமும், உள்வீதிகள் பிரதேச சபையிடமும் இருப்பதை மறக்கக்கூடாது. சபைக்கு இத்தனை வீதம் என்று சட்டத்திலேயே எழுதாவிட்டால், மேலுள்ளவர்கள் எடுத்த மிச்சமே கீழே வரும்.

யார் கட்டுகிறார்கள்? வீதியைப் பாவிப்பவன் கட்டட்டும் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வன்னியில் டீசலில் ஒரு பங்கு வீதியைக் காண்பதே இல்லை. உழவுக்கும் வெட்டுமெசினுக்கும் ஏக்கருக்கு 25 லீற்றர் என்று வைத்தால், அதே 10 ரூபா கணக்கில் 5 ஏக்கர்காரர் ஒரு போகத்துக்கு 1,250 ரூபா வயலுக்குள் நின்றே வீதிக்குக் கட்டுகிறார். மண்ணெண்ணெயிலும் அறவிட்டால் முல்லைத்தீவுப் படகுக்காரரும் கட்டுவார். விலக்கினால், மலிந்த மண்ணெண்ணெய் டீசலோடு கலக்கும். அமெரிக்காவில் வீதிக்கு வெளியே பாவிக்கும் வரியில்லா டீசலுக்குச் சிவப்புச் சாயம் இடுகிறார்கள். இங்கே அதற்குத் தனித் தாங்கியும் சோதனையும் வேண்டும். மறுபக்கம், அச்சுப் பாரம் இரட்டித்தால் தார் வீதிக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு, டீசல் செலவோ அந்த அளவுக்குக் கூடாது. அளவுக்கு மிஞ்சி மணல் ஏற்றும் ரிப்பர் செய்யும் சேதத்தை லீற்றர் கணக்கு பிடிக்காது. அதற்கு நிறுவைப் பாலமும் தண்டமும்தான் வழி.

அறவீடு நிலையான வருமானம் என்பதும் அரை உண்மை. 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. ஒரு வருடம் முன் 10 ரூபா என்று நிர்ணயித்திருந்தால், அப்போது அது 6 ரூபாவுக்கும் குறைந்த பெறுமதி. கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்ற நிலையில் விற்பனையும் விழுந்தது. வீதிக்கான தார் எண்ணெயோடு சேர்ந்து விலையேறும் பொருள். வரவு குறைவதும் செலவு ஏறுவதும் ஒரே மாதத்தில் நடக்கும். அமெரிக்காவில் பெற்றோலுக்கான மத்திய வரி 1993இலிருந்து கலனுக்கு 18.4 சதத்திலேயே நிற்கிறது. 2008 முதல் அவர்களின் நெடுஞ்சாலை நிதியத்தின் பற்றாக்குறையைப் பொது வருமானம்தான் நிரப்பிவருகிறது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், புது வீதி கட்ட அறவீட்டை ஒதுக்குவது தவறான இடத்தில் காசைப் பூட்டுவதாகும். 2009க்குப் பின் ஏ9 போன்ற பெரிய வேலைகள் வெளிநாட்டுக் கடனில் நடந்தன. ஒரே நேரத்தில் பெருந்தொகை கேட்கும் அத்தகைய வேலைக்கு லீற்றர் காசு ஈடுகொடுக்காது, ஆஸ்பத்திரி, குளம் ஆகியவற்றோடு போட்டியிட்டு பொது ஒதுக்கீட்டில்தான் அது வரவேண்டும். திறப்பு விழா இல்லாத பராமரிப்பே எந்த வரவுசெலவிலும் முதலில் வெட்டுப்படுவது. பூட்டு தேவைப்படுவது அதற்குத்தான்.

அறவீட்டுச் சட்டமூலம் ஒன்று வந்தால் தேடவேண்டிய வாசகங்கள் வருமாறு: காசு விழும் கணக்கு திரட்டு நிதியத்துக்கு வெளியே உள்ளதா, மிச்சம் ஆண்டு கடக்குமா, புதுக் கட்டுமானத்துக்கு உச்சவரம்பு உண்டா, அறவீடு விலைச்சுட்டியோடு ஆண்டுதோறும் திருத்தப்படுமா, பிரதேச சபையின் வீதம் எத்தனை. ஐந்து ஆண்டு கழித்துத் தானாக மீளாய்வுக்கு வரும் பிரிவும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வீதி திருந்திய பிறகும் வேறெதற்கும் திருப்ப முடியாத காசு அங்கே குவியும்.