ஸ்லீப் ரெஸ்ட்ரிக்‌ஷனா, ஸ்டிமுலஸ் கன்ட்ரோலா: புதியவர்களுக்கு எதை முதலில் சொல்லிக்கொடுப்பது?

குன்னூரில் மனநலப் பயிற்சிக்கு வரும் புதியவர்களுக்கு நாள்பட்ட தூக்கமின்மைக்கான சிபிடி என்ற பேச்சு சிகிச்சையை நான்கு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் மூன்று வருடமும், படுக்கையைத் தூக்கத்தோடு மட்டும் இணைக்கப் பழக்கும் ஸ்டிமுலஸ் கன்ட்ரோலைத்தான் முதல் பாடமாக வைத்திருந்தேன். இந்த வருடம் வரிசையை மாற்றி, படுக்கையில் கிடக்கும் நேரத்தைச் சுருக்கும் ஸ்லீப் ரெஸ்ட்ரிக்‌ஷனை முன்னால் கொண்டுவந்துவிட்டேன். மாற்றியதற்குக் காரணம் கேட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டுமே பழைய, சோதித்துப் பார்த்த முறைகள். ஸ்டிமுலஸ் கன்ட்ரோலை 1972இல் பூட்சின் முன்வைத்தார். ஸ்லீப் ரெஸ்ட்ரிக்‌ஷனை 1987இல் ஸ்பீல்மன் குழுவினர் எழுதினார்கள். முழு சிகிச்சையில் இரண்டும் சேர்ந்தேதான் வரும். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2021 வழிகாட்டுதல் முழு சிபிடியை உறுதியாகவும், இந்த இரண்டையும் தனித்தனியாகக் கொடுப்பதை நிபந்தனையோடும் பரிந்துரைக்கிறது. ஆகவே எது பலிக்கும் என்பது என் கேள்வி இல்லை. அனுபவமில்லாத ஒருவர் கையில் எது பிசகாமல் நிற்கும், பிசகினால் எது சீக்கிரம் காட்டிக்கொடுக்கும் என்பதுதான்.

ஸ்டிமுலஸ் கன்ட்ரோல் கேட்க எளிது. தூக்கம் வந்தால் மட்டும் படுக்கவும். படுக்கை தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டும். சுமார் கால் மணி நேரத்தில் தூக்கம் பிடிக்காவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய், தூக்கம் வந்ததும் திரும்பவும். எத்தனை முறை ஆனாலும் இதையே செய்யவும். தினமும் ஒரே நேரத்தில் எழவும். பகலில் தூங்கவேண்டாம். படுக்கையைக் கண்டாலே மனம் விழித்துக்கொள்ளும் பழக்கத்தை உடைப்பதுதான் இதன் வேலை. ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொக்கி விழுகிறவர், கட்டிலில் தலையை வைத்ததும் கொட்டக்கொட்ட விழித்திருந்தால் அவருக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை.

இதில் புதியவர்கள் நன்றாகக் கற்றுக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு: அசதியும் தூக்கமும் வேறு வேறு. "ஒரே அசதியா இருக்கு, அதான் எட்டு மணிக்கே படுத்துட்டேன்" என்று சொல்பவரிடம், "கண்ணு சொக்குச்சா, இல்ல உடம்புதான் ஓய்ஞ்சு போச்சா?" என்று கேட்கப் பழகிவிட்டால் பாதி வரலாறு கைக்கு வந்துவிடும்.

சிக்கல் இரவு இரண்டு மணிக்கு. எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீட்டில் இருப்பது ஒரே அறை. கணவர், மனைவி, இரண்டு பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். எழுந்தால் பிள்ளைகளைத் தாண்டிப் போகவேண்டும், விளக்கைப் போட்டால் எல்லோரும் விழிப்பார்கள். டிசம்பர் குளிரில் சிமென்ட் தரையில் காலை வைக்க யாருக்கு மனம் வரும்? கம்பளிக்குள்ளேயே கிடந்து, போனில் கால் மணி நேரம் ஆனதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கடிகாரப் பார்வையே தூக்கத்தை விரட்டும். ஒரு அம்மா நாங்கள் சொன்னதைக் கேட்டு எழுந்தார். ஆனால் குளிர் தாங்காமல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பை மூட்டி உட்கார்ந்தார். மூடிய அறையில் கரி எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். அன்றிலிருந்து, எழுந்திருக்கச் சொல்வதற்கு முன் எங்கே, எதைப் போர்த்திக்கொண்டு உட்காரப்போகிறார் என்று கேட்காமல் நான் விடுவதில்லை. எழ வழியே இல்லாதவர் கட்டிலிலேயே சாய்ந்து உட்கார்ந்து லேசாக எதையாவது படிக்கலாம் என்ற மாற்று முறையும் இருக்கிறது.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். நான் மனம் மாறியது வேறு காரணத்தால். ஸ்டிமுலஸ் கன்ட்ரோல் பலிக்காதபோது ஏன் பலிக்கவில்லை என்று அவர்கள் தினமும் எழுதும் தூக்க டைரி சொல்வதில்லை. அடுத்த வாரம் வருகிறவர், "எழுந்தேன், சரிப்படல" என்பார். எழுந்தாரா, எத்தனை முறை, எழுந்து என்ன செய்தார், கண் சொக்கிய பிறகு திரும்பினாரா, குளிர் விரட்டித் திரும்பினாரா என்பதற்கு அவருடைய நினைவைத்தான் நம்பவேண்டும். பயிற்சிக்கு வந்தவர் அதே அறிவுரையை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லி அனுப்பிவைப்பார். எனக்கும் மேற்பார்வையில் திருத்த எதுவும் கிடைக்காது.

ரெஸ்ட்ரிக்‌ஷனில் ஒரு எண் இருக்கிறது. தூங்கிய நேரத்தைப் படுக்கையில் கிடந்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது தூக்கத் திறன். படுக்கையில் கிடக்கும் நேரத்தை, டைரியில் தெரியும் உண்மையான தூக்க நேரத்தின் அளவுக்குச் சுருக்குகிறோம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போவதில்லை. வாரச் சராசரி 90 சதவீதத்தைத் தாண்டினால் கால் மணி நேரம் கூட்டுகிறோம், 85க்கும் 90க்கும் நடுவே இருந்தால் அப்படியே விடுகிறோம், 85க்குக் கீழே போனால் கால் மணி நேரம் குறைக்கிறோம். வயதானவர்களுக்கு இந்த வரம்புகளைக் கொஞ்சம் தளர்த்துவது வழக்கம். சுருங்கிய நேரத்தில் தூக்கத்துக்குப் பசி ஏறும், விட்டுவிட்டு வந்த தூக்கம் ஒன்றாகச் சேரும்.

கோத்தகிரிப் பக்கத்து ஆரம்பப் பள்ளி டீச்சர் ஒருவர், வயது 54. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இருட்டும் குளிரும் சேர்ந்ததும் இரவு 8.30க்குப் படுத்து, காலை 6 மணிக்கு எழுவார். படுக்கையில் 570 நிமிடம். இரண்டு வார டைரியில் தூங்கிய சராசரி 315 நிமிடம். தூக்கத் திறன் 55 சதவீதம். தினமும் நாலே கால் மணி நேரம் இருட்டில் விழித்துக் கிடந்திருக்கிறார். எழும் நேரத்தை 5.30 என்று நிலைநிறுத்தி, ஐந்தரை மணி நேரம் கொடுத்தோம். அதாவது இரவு 12 மணிக்குத்தான் படுக்கவேண்டும். "பன்னெண்டு வரைக்குமா மேடம்?" என்று கண்கலங்கிவிட்டார்.

முதல் வாரம் 290 நிமிடத் தூக்கம், 88 சதவீதம். கை வைக்கவில்லை. இரண்டாவது வாரம் 250 நிமிடம், 76 சதவீதம். பயிற்சிக்கு வந்த தம்பி, "மேடம், 85க்குக் கீழ இருக்கு, கால் மணி நேரம் குறைச்சிடலாமா?" என்று கேட்டார். விதிப்படி சரிதான். ஆனால் டைரியின் இன்னொரு கட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். படுத்த பிறகு தூக்கம் பிடிக்க முதல் வாரம் பத்து நிமிடம் ஆனது, இந்த வாரம் ஐம்பது. நேரத்தைச் சுருக்கிய பிறகு தூக்கம் சீக்கிரம் பிடிக்கவேண்டுமே தவிர, தாமதமாகக் கூடாது. அப்படியானால் பசி எங்கோ தீர்ந்துபோகிறது. டீச்சரிடமே கேட்டோம். "தூங்கலீங்க மேடம், சாப்பிட்டு முடிச்சு விறகடுப்பு பக்கத்துல மோடாவுல உக்காந்து சும்மா கண்ண மூடிக்கிட்டிருந்தேன்." ஒன்பதரையிலிருந்து முக்கால் மணி நேரம், தினமும். சாப்பாட்டுக்கு முன் முறுக்கைக் கொறித்த பிள்ளைக்குப் பசி எடுக்குமா?

நேரத்தைக் குறைக்கவில்லை. ஒன்பதரைக்கு மேல் அடுப்பங்கரை வேண்டாம் என்றோம். நோட்டுத் திருத்துவதை மர நாற்காலிக்கு மாற்றி, துணி மடிப்பது, மறுநாளைக்குக் காய் நறுக்குவது போன்ற நின்று செய்யும் வேலைகளைப் பத்தரைக்கு மேல் வைத்தோம். கணவர் பதினொன்று வரை பேச்சுத்துணைக்கு இருந்தார். மூன்றாவது வாரம் 305 நிமிடம், 92 சதவீதம். படுக்கும் நேரம் 11.45 ஆனது. நான்காவது வாரம் 93, அதனால் 11.30. எட்டாவது வாரத்தில் 11 மணிக்குப் படுத்து 5.30க்கு எழுந்தார். 390 நிமிடத்தில் 355 நிமிடம் தூக்கம், 91 சதவீதம். 10.45 என்று நகர்த்தியதும் 83க்கு இறங்கியது. பழையபடி 11க்கே வந்துவிட்டோம்.

கணக்கைப் பார்த்த தம்பிக்கு ஏமாற்றம். எட்டு வாரத்தில் கூடியது நாற்பது நிமிடத் தூக்கம்தானே என்றார். விழித்துக் கிடந்த நேரத்தைக் கழித்துப் பார்க்கச் சொன்னேன். 255 நிமிடம் 35 ஆகியிருந்தது. டீச்சர் எங்களிடம் வந்ததே அந்த 255க்காகத்தான்.

இரண்டாவது வாரத்துப் பிழையை ஒரு தாளில் இரண்டு கட்டங்களை வைத்தே கண்டுபிடித்தோம். ரெஸ்ட்ரிக்‌ஷனை நான் முன்னால் வைப்பதற்கு இது ஒன்றே போதும். 2023இல் வெளியான இங்கிலாந்தின் ஹாபிட் ஆய்வில், சேர்ந்த 642 பேரில் பாதிப் பேருக்கு, சிறப்புப் பயிற்சி அதிகம் இல்லாத ஆரம்ப சுகாதார நர்சுகளே நான்கு குறுகிய சந்திப்புகளில் ரெஸ்ட்ரிக்‌ஷனைக் கொடுத்து நல்ல பலன் பார்த்தார்கள். புதியவர்கள் கையில் இது நிற்கும் என்று நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் தவறினால் ஆபத்து அதிகம் இருப்பதும் இதில்தான். முதல் இரண்டு மூன்று வாரம் பகலில் தூக்கம் தள்ளும், கவனம் குறையும். இந்த வருடம் ஒரு மாலை கேஸ் தாள்களைப் புரட்டியபோது, ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரி டிரைவருக்கு ஐந்து மணி நேரம் எழுதிக்கொடுத்திருந்ததைப் பார்த்தேன். விடிகாலை மூன்று மணிக்கு மலை இறங்குகிற மனிதர். அன்றிரவே போன் போட்டு, "அண்ணா, அந்த நேரத்தை விட்டுடுங்க, பழையபடியே படுங்க, மத்ததை நேர்ல பேசிக்கலாம்" என்று சொன்னபோது என் கை நடுங்கியது. தாளில் தொழில் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதை முதலில் நிரப்பு என்று சொல்லிக்கொடுக்காதது என் தவறு.

அவருக்கு ஸ்டிமுலஸ் கன்ட்ரோலைத்தான் கொடுத்தோம். கூடவே படுக்கை நேரத்தை ஒரேயடியாக வெட்டாமல் வாரத்துக்குக் கால் மணி நேரமாக மெல்லக் குறைத்தோம். இருமுனைக் கோளாறு, வலிப்பு, தூக்கத்தில் நடப்பது, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும், சிகிச்சை பெறாத கோளாறு ஆகியவற்றில் எது இருந்தாலும் புதியவர்கள் ரெஸ்ட்ரிக்‌ஷனைத் தொடக்கூடாது. தூக்கம் குறைந்தால் பித்து நிலையோ வலிப்போ கிளம்பிவிடலாம். ஏற்கெனவே ஆறு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருப்பவருக்கும் வெட்ட அதிகம் இல்லை, அங்கேயும் ஸ்டிமுலஸ் கன்ட்ரோல்தான். மாறாக, இரவில் தடுமாறி விழக்கூடிய வயதானவர்களை இருட்டில் எழுப்பி நடக்கவிட எனக்கு மனம் வருவதில்லை.

தேயிலை வரத்து அதிகமான மாதங்களில் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் விஷயத்தில் எந்தப் பக்கமும் சாய எனக்குத் தைரியம் இல்லை. நான் பார்த்தது நான்கைந்து பேர்தான், எழும் நேரமே வாரத்துக்கு வாரம் மாறுகிறவர்கள். அவர்களை இப்போதைக்குப் புதியவர்களிடம் கொடுக்காமல் நானே வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் கேஸ் தாளில் தூக்கத்தைப் பற்றிய கேள்விகள் இப்போது இரண்டாம் பக்கத்தில் தொடங்குகின்றன. முதல் பக்கத்தின் முதல் வரி: "வண்டியோ மெஷினோ ஓட்டுவீர்களா, எத்தனை மணிக்கு?"