மல்டி பெட்டில் ஒரு தெரிவு ரத்தானால்: மூன்று கணக்கீட்டு முறைகளின் ஒப்பீடு

2023 டிசம்பர் 16 அன்று இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் போர்ன்மத், லூட்டன் அணிகள் மோதிய ஆட்டம், லூட்டன் அணித்தலைவர் டாம் லாக்யர் களத்தில் மயங்கி விழுந்ததால் 1-1 என்ற நிலையில் கைவிடப்பட்டது. அது மீண்டும் முதலிலிருந்து ஆடப்பட்டது 2024 மார்ச்சில்தான். பல கணிப்புகளை ஒரே சீட்டில் சேர்த்து, எல்லாம் வென்றால் மட்டுமே பணம் தரும் பந்தயம்தான் மல்டி பெட். அந்த டிசம்பர் ஆட்டத்தில் போர்ன்மத் வெல்லும் என்று ஒருவர் நான்கு தெரிவுகள் கொண்ட மல்டி பெட்டில் சேர்த்திருந்தால், அவருடைய சீட்டுக்கு என்ன ஆகும்? பந்தய நிறுவனங்களின் விதிகள் இதற்கு ஒரே விடையைத் தருவதில்லை.

எடுத்துக்காட்டுக்கு, வென்றால் பந்தயத் தொகை எத்தனை மடங்காகத் திரும்பும் என்பதைக் காட்டும் ஆட்ஸ் நான்கு தெரிவுகளுக்கும் 1.80, 2.10, 1.50, 1.65 என்றும், அவற்றில் போர்ன்மத்தின் ஆட்ஸ் 1.50 என்றும், பந்தயத் தொகை 10 பவுண்டு என்றும் கொள்வோம். நான்கையும் பெருக்கினால் 9.36 வரும், எல்லாம் வென்றால் கைக்கு வருவது சுமார் 93.56 பவுண்டு.

பரவலாக உள்ள முதல் முறையில், ரத்தான தெரிவின் ஆட்ஸ் 1.00 ஆக மாற்றப்படுகிறது. பெருக்கலில் 1 எதையும் மாற்றாது என்பதால் நான்கு தெரிவுப் பந்தயம் மூன்று தெரிவுப் பந்தயமாகிறது: 1.80 × 2.10 × 1.65 = 6.237, அதாவது 62.37 பவுண்டு. மற்ற மூன்றில் ஒன்று தோற்றாலும் முழுத் தொகையும் போய்விடும். "ஆட்டமே நடக்கவில்லை, பணத்தை ஏன் திருப்பித் தரவில்லை?" என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது, ரத்தானது ஒரு தெரிவு மட்டுமே, பந்தயம் அல்ல என்பதே அதற்கு விடை.

இரண்டாவது முறையில் ஒரு தெரிவு ரத்தானால் சீட்டு முழுவதும் ரத்தாகி 10 பவுண்டு திரும்பி வரும். கேட்பதற்கு இது தாராளமாகத் தோன்றும். ஆனால் மற்ற மூன்றும் வென்றவருக்கு இது 52.37 பவுண்டு இழப்பு; அவற்றில் ஒன்றில் தோற்றவருக்கோ, தகுதியில்லாத மீட்பு. நடந்து முடிந்த ஆட்டங்களின் முடிவுகளை நடக்காத ஓர் ஆட்டம் அழித்துவிடுவது முறையல்ல என்பதால், தனித்தனி ஆட்டங்களைச் சேர்த்த பந்தயங்களுக்கு முதல் முறையே நேர்மையானது என்று நான் கருதுகிறேன்.

ஆட்டம் கைவிடப்பட்டதாலேயே அதிலுள்ள எல்லாத் தெரிவுகளும் ரத்தாவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்தின் முதல் கோலை லூட்டனின் எலைஜா அடேபாயோ ஏற்கெனவே அடித்திருந்தார். அப்படி முடிவு தெரிந்துவிட்ட தெரிவுகள், பொதுவான விதிகளின்படி, ஆட்டம் நின்ற பிறகும் செல்லும்.

ஒரே ஆட்டத்திலிருந்து பல தெரிவுகளைச் சேர்க்கும் பந்தயத்தில்தான் சிக்கல் உண்மையில் தொடங்குகிறது. ஓர் அணி வெல்லும் (1.80), மொத்தம் மூன்று கோலாவது விழும் (1.90), அந்த அணியின் குறிப்பிட்ட வீரர் கோல் அடிப்பார் (3.00) என்ற மூன்றையும் பெருக்கினால் 10.26 வரும். ஆனால் வீரர் கோல் அடித்தால் அணி வெல்வதற்கும் கோல்கள் கூடுவதற்கும் வாய்ப்பு உயர்கிறது. மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஆகவே நிறுவனம் 5.50 மட்டுமே தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி நேரத்தில் அந்த வீரர் அணியில் இடம்பெறவில்லை. அவருடைய தெரிவு ரத்தாகிறது.

இப்போது 5.50-ஐ 3.00-ஆல் வகுத்தால் 1.83 வருகிறது. அணி வெல்வதற்கு மட்டுமே 1.80 இருக்கும்போது, அதோடு மூன்று கோல் என்ற நிபந்தனையையும் சேர்த்து 1.83 தருவது பந்தயம் கட்டியவருக்கு அநியாயம். சார்புக்காகக் குறைக்கப்பட்ட மொத்தத்திலிருந்து, குறைக்கப்படாத தனி ஆட்ஸை வகுத்தெடுப்பதுதான் பிழை. மறுபக்கம், 1.80 × 1.90 = 3.42 என்று நேராகப் பெருக்கினால், மீதமுள்ள இரண்டுக்கும் இடையிலான சார்பு கணக்கில் வராமல் போகிறது. சரியான விடை, பந்தயம் கட்டிய நேரத்தில் அந்த இரண்டு தெரிவுகளை மட்டும் சேர்த்திருந்தால் என்ன ஆட்ஸ் கிடைத்திருக்குமோ அதுவே, அது 2.80 போல எங்காவது இருக்கும். மூன்றாவது முறையான மறுவிலையிடல் என்பது இதுதான். இதைச் செய்ய விரும்பாத நிறுவனங்கள் இவ்வகைப் பந்தயத்தை முழுமையாக ரத்துசெய்கின்றன. முன்னே நான் குறைகூறிய அந்த முறை, இங்கே வகுத்தல் கணக்கைவிட மேலானது.

மறுவிலையிடும் நிறுவனம் எந்த ஆட்ஸை எடுத்தது என்பது சீட்டில் தெரியாமல் போகலாம். ஆகவே, ஆடுவாரா என்பது உறுதியாகாத வீரரைச் சேர்க்கும்போது, அவரை நீக்கிவிட்டால் மீதிக்குத் திரையில் என்ன ஆட்ஸ் வருகிறது என்று பந்தயம் கட்டும் முன்பே பார்த்துக் குறித்துவைத்தால், பிறகு கணக்கைச் சரிபார்க்க அந்த ஓர் எண் போதும்.