68,500 ராண்ட் போச்சு: டர்பனில் கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பிக்க நினைக்கிறவங்க படிச்சிட்டு கையெழுத்துப் போடுங்க

பணம் வாங்கின ஆளுக்கு நேத்துதான் கடைசி மெசேஜ் அனுப்பினேன். இன்னிக்கு வரைக்கும் ஒத்தை டிக்தான். அதனால சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். சென்டர் எப்படி அமைக்கிறதுன்னு ஆதியோடந்தமா எழுதணும்னு ஆசை, எவ்வளவு முடியுதோ பார்க்கலாம். பேர் சொல்லப் போறதில்ல. "எங்க பேர்ல சென்டர் நடத்துங்க, புத்தகம், போர்டு, சர்ட்டிஃபிகேட் எல்லாம் எங்களோடது"ன்னு சொல்லி ஊர் ஊரா ஆள் சேர்க்கிற கம்பெனிகள்ல ஒண்ணு. அவ்வளவு போதும்.

போன பணம் 68,500 ராண்ட். பார்ட்னர் ஃபீஸ் 40,000. புத்தகம், சாஃப்ட்வேர், வாசல் போர்டு எல்லாம் சேர்த்து 18,500. மிச்சம் 10,000-க்கு ரசீதுல எழுதியிருந்தது "அக்ரிடிடேஷன் எக்ஸ்டென்ஷன்". அதாவது அவங்க கிட்ட இருக்கிற அங்கீகாரத்தை நம்ம சாட்ஸ்வொர்த் சென்டருக்கும் நீட்டித் தர்றாங்களாம். இந்தப் பத்தாயிரம்தான் மொத்தக் கதையும். அப்படி ஒரு பொருளே கிடையாது. தொழில் படிப்பு நடத்துற இடங்களுக்கு இந்த நாட்டில அங்கீகாரம் தர்றது க்யூசிடிஓ. அதை ஒரு நிறுவனத்துக்கு, ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு, ஒரு குறிப்பிட்ட படிப்புக்குத்தான் தருவாங்க. ஓவர்போர்ட் விலாசத்துக்கு வாங்கினதை சாட்ஸ்வொர்த்துக்கு வாடகைக்கு விட முடியாது. விக்கவும் முடியாது.

நான் நம்பின இடம் எதுன்னு சொல்லிடறேன், ஏன்னா நீங்களும் அங்கதான் விழுவீங்க. கம்பெனியில இருந்து வந்தவர் தமிழ்ல பேசினார், "தம்பி, எந்த ஊரு?"ன்னு கேட்டார். அதுக்கே பாதி மனசு போயிடுச்சு. அப்புறம் ஃபைலைத் திறந்து ஒரு கடிதத்தைக் காட்டினார். துறைவாரியா தொழில் பயிற்சியைக் கவனிக்கிற அரசு அமைப்பான சீட்டாவோட லோகோ, அக்ரிடிடேஷன் நம்பர், கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருந்தது. அது போலிக் கடிதம் இல்ல, அதுதான் சாமர்த்தியம். நிஜக் கடிதம், ஆனா காலம் முடிஞ்ச படிப்புக்கான கடிதம். படிப்பு நம்பர் 61591. எண்ட் யூசர் கம்ப்யூட்டிங், தேசியத் தகுதி அளவுகோலான என்க்யூஎஃப்ல லெவல் 3. அந்த நம்பரை நான் ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன், ஆனா தேடிப் பார்க்கல. பார்த்திருந்தா நாட்டில உள்ள படிப்புகளைப் பதிவு பண்ற சாக்வாவோட தளத்தில அந்தப் படிப்போட பக்கத்தில இப்படி ஒரு வரி கண்ணுல பட்டிருக்கும்:

```
Last Date for Enrolment: 2024-06-30
```

அதாவது 2024 ஜூன் 30-க்கு அப்புறம் அதில புது மாணவனைச் சேர்க்கவே முடியாது. ஏற்கெனவே சேர்ந்தவங்க முடிக்க மட்டும் 2027 ஜூன் 30 வரை அவகாசம். இந்த ஒரு படிப்புக்கு மட்டும் வந்த நிலைமை இல்ல இது. பழைய யூனிட் ஸ்டாண்டர்ட் படிப்புகள் எல்லாத்தையும் மூடிட்டு க்யூசிடிஓ-வோட புதுப் படிப்புகளுக்கு மாத்துறாங்க. பழைய கடிதம் வச்சிருக்கிறவங்க பலர் கையில இப்ப வெறும் காகிதம்தான் இருக்கு. அந்தக் காகிதத்தைத்தான் எனக்கு 10,000-க்கு வித்தாங்க. நான் கையெழுத்துப் போட்டது 2025-ல.

தேதியை விடுங்க, கணக்குப் போட்டிருந்தாலே பொய் வெளிப்பட்டிருக்கும். 61591-க்கு 130 கிரெடிட். ஒரு கிரெடிட்னா சராசரி மாணவனுக்குப் பத்து மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டுப் பயிற்சி, அசெஸ்மென்ட் எல்லாம் சேர்த்து 1,300 மணி. எனக்குக் கொடுத்த பாடத்திட்டம் என்ன? பன்னிரண்டு சனிக்கிழமை, தினம் மூணு மணி, மொத்தம் 36 மணி. முடிவில "நேஷனல் சர்ட்டிஃபிகேட்". 36 மணியில மூணரை கிரெடிட் தேறும். மூணரை எங்கே, 130 எங்கே!

ஸ்போக்கன் இங்கிலீஷும் அதே கூத்துதான். "45 நாள்ல ஏ2-விலிருந்து பி2". ஐரோப்பிய அளவுகோல்ல ஒரு படி ஏறவே சுமார் 150-லிருந்து 200 மணி நேர வகுப்பு வேணும்னு பெரிய தேர்வு நிறுவனங்களே சொல்றாங்க. இவங்க 40 மணியில ரெண்டு படி ஏத்துறாங்களாம். கால் சென்டர் வேலைக்குப் போற பிள்ளைங்களும், கோயில் வேலைக்கும் சமையல் வேலைக்கும் ஊர்ல இருந்து வந்தவங்களும் இதை நம்பித்தான் பணம் கட்டுறாங்க. 40 மணியில தயக்கம் குறையும், ஃபோன்ல நாலு வாக்கியம் பதறாம பேச வரும். அதைச் சொல்லியே சேர்த்திருக்கலாமே, அதுக்கும் ஆள் வருவாங்க.

பேட்ச் கணக்கையும் பாருங்க. அவங்க காட்டின தாளில ஒரு பேட்ச்ல 24 பேர், ஆளுக்கு 1,800 ராண்ட் ஃபீஸ். பார்க்க அழகா இருக்கு. ஆனா அவங்களோட பேக்கேஜ்லயே பத்து மெஷினுக்குத்தான் சாஃப்ட்வேர். ஒரு கம்ப்யூட்டர்ல ரெண்டரை பேர் உட்கார்ந்தா ஒருத்தன் மவுஸ் பிடிப்பான், மத்தவன் வேடிக்கை பார்ப்பான். மூணாவது வாரம் வேடிக்கை பார்த்தவன் வரமாட்டான். பத்து மெஷின்ல ஒண்ணு ரெண்டு எப்பவும் மக்கர் பண்ணும், அதனால எட்டுப் பேர்தான் நியாயமான பேட்ச். எட்டுப் பேர்னா 14,400 ராண்ட் வருது. டீச்சருக்கு மணிக்கு 180 வீதம் 36 மணிக்கு 6,480. கம்பெனிக்கு ராயல்டி 20 சதவீதம், 2,880. சர்ட்டிஃபிகேட்டுக்கு ஆளுக்கு 450 வீதம் 3,600. மிச்சம் 1,440 ராண்ட். மூணு மாசத்துக்கு! இதில வாடகை கொடுக்கணும், கரண்ட் கட்டணும். கம்பெனிக்குப் போனது 6,480. டீச்சர் மூணு மாசம் தொண்டை வறளக் கத்தி வாங்கினதும் அதே 6,480. இது தற்செயல்தான், ஆனா அந்தத் தாளைப் பார்க்கிறப்பல்லாம் எரியுது.

புத்தகத்தைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. படங்கள் எல்லாம் ஆஃபீஸ் 2010. ஸ்கிரீன்ல இருக்கிற பட்டன் புத்தகத்தில இல்ல, புத்தகத்தில இருக்கிறது ஸ்கிரீன்ல இல்ல.

முதல் பேட்ச் முடிஞ்சது. எட்டுப் பேரும் பரீட்சை எழுதினாங்க. சர்ட்டிஃபிகேட் கேட்டேன். "மாடரேஷன் நடக்குது தம்பி." ரெண்டு வாரம் கழிச்சு, "அசெஸர் லீவுல இருக்கார்." அடுத்து, "சிஸ்டம் மாறுது, அப்லோட் ஆகல, நாடு முழுக்க இதே பிரச்சினை." இது பாதி உண்மைங்கிறதால நானும் நம்பினேன். அப்புறம் ஃபோனை ஒரு பொண்ணு எடுத்து, "சார் ஜோபர்க் போயிருக்கார்" என்றாள். நாலு தடவை ஜோபர்க். அஞ்சாவது தடவை அந்தப் பொண்ணும் எடுக்கல.

கடைசியில எட்டு பிடிஎஃப் வந்தது. தங்கக் கலர் ஓரம், மூலையில க்யூஆர் கோடு. ஸ்கேன் பண்ணினா "வெரிஃபைட்"னு பச்சை எழுத்து வருது. எங்கே போய் வருது? அவங்க சொந்த வெப்சைட்டுக்கே போகுது! திருடன் தனக்குத் தானே நன்னடத்தைச் சான்று எழுதிக்கிட்ட மாதிரி. ஒரு மாணவி இதை ஒரு கால் சென்டர் வேலைக்குக் கொண்டு போயிருக்கா. அங்க எச்ஆர்ல இருந்தவர் தேசியப் பதிவேட்டில பார்த்திட்டு, உன் பேர்ல எதுவும் இல்லையேன்னு திருப்பி அனுப்பிட்டார். நிஜமான தேசியச் சான்றிதழ்னா சாக்வா நடத்துற என்எல்ஆர்டி பதிவேட்டில மாணவரோட அடையாள எண்ணில அது ஏறணும். ஏறலைன்னா அது வருகைச் சான்றுதான், எத்தனை தங்க ஓரம் போட்டாலும். அந்தப் பொண்ணு என் முன்னாடி உட்கார்ந்து, "அங்கிள், இது பொய்யா?"ன்னு கேட்டா. எட்டுப் பேருக்கும் 450 ராண்டை என் கையிலிருந்து திருப்பிக் கொடுத்தேன். அந்த 3,600 இந்த 68,500-ல சேராது, அது தனி.

பணத்தைத் திருப்பிக் கேட்டப்ப என்ன பதில் தெரியுமா? "நீங்க ஃப்ரான்சைஸி இல்ல, டிரெய்னிங் பார்ட்னர். ரீஃபண்ட் கிடையாது." தலைப்பில என்ன பேர் எழுதினாலும், அவங்க பேரையும் முறையையும் பணம் வாங்கிக்கிட்டு நமக்குத் தந்து, நடத்துற விதத்தையும் அவங்களே கட்டுப்படுத்தினா, 2008-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில அது ஃப்ரான்சைஸ் ஒப்பந்தம்தான். அந்தச் சட்டத்தோட 7-வது பிரிவுப்படி கையெழுத்துப் போட்ட பத்து வேலை நாளுக்குள்ள எழுத்தில சொன்னா, எந்த அபராதமும் இல்லாம ரத்து பண்ணலாம். இந்த உரிமையை ஒப்பந்தத்தோட முதல் பக்கத்து உச்சியிலேயே அச்சடிக்கணும். கையெழுத்துக்குக் குறைஞ்சது 14 நாள் முன்னாடி டிஸ்குளோஷர் டாக்குமென்ட்னு ஒண்ணு கொடுக்கணும், அதில ஏற்கெனவே சென்டர் நடத்துறவங்க விவரம் இருக்கணும். எனக்கு அதைக் கொடுக்கவும் இல்ல, முதல் பக்கத்தில அந்த வரியும் இல்ல. எனக்கு இதெல்லாம் தெரிய வந்தப்ப பத்து வேலை நாள் தாண்டி மூணு மாசம் ஆயிடுச்சு. வக்கீலைப் பார்த்திருக்கேன், நேஷனல் கன்ஸ்யூமர் கமிஷனுக்கும் எழுதிட்டேன். 68,500 திரும்புமா தெரியாது.

சொன்ன மாதிரி விலாவாரியா எழுத இப்ப மனசில்ல. அவசரத்துக்கு நாலு வார்த்தை மட்டும். "சாக்வா அங்கீகாரம் பெற்ற சென்டர்"னு யாராவது சொன்னா அங்கேயே எழுந்து வந்திடுங்க, சாக்வா படிப்புகளைப் பதிவு பண்ணும், சென்டர்களுக்கு அங்கீகாரம் தர்றதில்ல. கடிதத்தில இருக்கிற படிப்பு நம்பரை saqa.org.za-ல போட்டுக் கடைசித் தேதியைப் பாருங்க. அந்தப் படிப்புக்கு, அந்த விலாசத்துக்கு அங்கீகாரம் இருக்கான்னு க்யூசிடிஓ-வுக்கு நீங்களே எழுதிக் கேளுங்க, கம்பெனிக்காரங்க கொடுக்கிற ஃபோன் நம்பருக்குக் கூப்பிடாதீங்க. ஏற்கெனவே சென்டர் நடத்துற ரெண்டு பேரைத் தனியாப் போய்ப் பார்த்து, ஒரு மாணவருக்காவது பதிவேட்டில ஏறியிருக்கான்னு கேளுங்க. அங்கீகாரம் இல்லாம நடத்தணும்னா வருகைச் சான்றுன்னு தெளிவா எழுதிக் கொடுங்க, எட்டுப் பேரோட ஆரம்பிங்க, யாருக்கும் ராயல்டி வேண்டாம்.

இதே ஆள்கிட்ட பணம் கட்டினவங்க ஃபீனிக்ஸ்லயும் டோங்காட்லயும் இருக்கறதா கேள்வி. ரசீதில "அக்ரிடிடேஷன் எக்ஸ்டென்ஷன்"னு ஒரு வரி இருந்தா எனக்குத் தனியா மெசேஜ் போடுங்க. வக்கீல் சேர்ந்து வரச் சொல்றார்.