"ஆவணங்களைப் பரிசீலித்தேன்" என்ற ஒற்றை வரியை நம்பி மனை வாங்க வேண்டாம்

மனை வாங்குவதற்கு முன் வழக்கறிஞரிடம் லீகல் ஒப்பீனியன் வாங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னைக்கு வெளியே 30-க்கு 60 அடியில், அதாவது முக்கால் கிரவுண்டில், ஒரு மனையைப் பேசி முடித்தோம். தாய்ப்பத்திரத்திலிருந்து விற்பவரின் கிரயப் பத்திரம் வரையிலான நகல்கள், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 300 பக்கங்கள் இருந்தன. அந்தக் கட்டை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்தோம். இரண்டே பக்கத்தில் கருத்துரை வந்தது. அதில் எல்லாப் பத்திரங்களும் எண்ணும் தேதியுமாக வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. கீழே, "மேற்கண்ட ஆவணங்களைப் பரிசீலித்ததில் விற்பனையாளருக்குத் தெளிவான உரிமை உள்ளது" என்ற ஒரு வரி இருந்தது. கிரயம் முடித்தோம்.

மதில் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டத் தொடங்கியதும் பின்மனைக்காரர் 1989-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலோடு வந்து நின்றார். அண்ணன் தம்பிகள் நால்வர் பிரித்துக்கொண்ட பத்திரம் அது; ஒவ்வொருவர் பாகமும் தனித்தனி செட்யூலாக எழுதப்பட்டிருந்தது. எங்கள் மனை அடங்கிய 'பி' செட்யூல் முடிந்து, மற்ற இரண்டு செட்யூல்களும் முடிந்த பிறகு, கடைசி நிபந்தனைகளுக்கு நடுவே, 'பி' செட்யூல் சொத்தின் வடபுறம் கிழமேலடி 60, தென்வடலடி 8 உள்ள நிலத்தைப் பின்பாகத்தார் போக்குவரத்துப் பாதையாக என்றென்றும் அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதியிருந்தது. மொத்தம் 480 சதுர அடி; மனையில் கால் பங்குக்கும் மேல்.

இந்த நிபந்தனை வேறெந்தத் தாளிலும் தென்படவில்லை. வில்லங்கச் சான்றில் பாகப்பிரிவினை ஒரு பதிவாக மட்டுமே வந்தது. அதில் கட்சிக்காரர் பெயரும் சொத்து விவரமும் இருக்குமே தவிர, பத்திரத்துக்குள் எழுதிய நிபந்தனைகள் இருக்காது. பட்டாவில் சர்வே எண்ணும் பரப்பும்தான் உண்டு. விற்பவரின் கிரயப் பத்திரம் நான்கெல்லையைச் சொன்னதோடு சரி, பாதையைப் பற்றி மூச்சு விடவில்லை. பாதையைப் பற்றி எங்களுக்குத் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. பதிவான பத்திரத்தில் இருப்பதை வாங்குபவர் அறிந்தவராகவே 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் கருதுகிறது.

வழக்கறிஞரிடம் கேட்டபோது, "உங்க பாகத்துக்கு உரிய செட்யூலைத்தான் சார் பார்ப்போம், மொத்தத்தையும் வரிவரியாவா படிக்க முடியும்?" என்றார். கைப்பிரதியாக, மங்கிய நகலாக இருந்த 300 பக்கங்களையும் அந்தக் கட்டணத்துக்குப் படிக்கவில்லை என்பது எனக்குக் குறையே இல்லை. படிக்காததைப் படித்ததாகப் பட்டியலிட்டுக் கையெழுத்துப் போட்டதுதான் ஏமாற்று. "பாகப்பத்திரத்தில் 'பி' செட்யூலை மட்டும் பார்த்தேன், நிபந்தனைகளைப் பார்க்கவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்தச் சில பக்கங்களையாவது படிக்கச் சொல்லிக் கூடுதல் பணம் கொடுத்திருப்போம்.

பாதைத் தகராறுக்காக இன்னொரு வழக்கறிஞரிடம் அதே கட்டை எடுத்துப் போனோம். அவர் முதலில் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தார். 1989-க்குப் பிந்தைய பத்திரங்களை முழுவதும் படித்திருக்கிறார். அதற்கு முந்தையவற்றில் சொத்து விவரத்தையும் கையெழுத்துப் பக்கத்தையும் மட்டும் பார்த்திருக்கிறார். ஒரு பழைய பத்திரத்தில் இரண்டு பக்கங்கள் வாசிக்க முடியாத நகல். 1975-க்கு முந்தைய வில்லங்கம் கட்டிலேயே இல்லை. இவ்வளவையும் எழுதிவிட்டு, மனையின் விளிம்பு வரை கட்டப்போகிறீர்களா, வங்கிக் கடன் வாங்கப்போகிறீர்களா, சில வருடத்தில் விற்கிற எண்ணம் உண்டா என்று கேட்டிருந்தார். கட்டுவதென்றால் பாதை, கிணறு, நீர்வழி பற்றிய நிபந்தனைகளை முதலில் படிப்பதாகவும், கடன் வாங்குவதென்றால் பழைய அடமானங்கள் தீர்ந்த ரசீதுகளைத் தேடுவதாகவும் சொன்னார். இந்தக் கேள்விகளை முதல் ஆள் கேட்டிருந்தாலே எட்டடிப் பாதை வெளியே வந்திருக்கும்.

கருத்துரை கைக்கு வந்ததும் அதில் பத்திர எண்களைத் தவிர உள்ளே இருக்கும் விவரம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பாகப்பிரிவினையில் யார் யாருக்கு எந்தப் பாகம், உயிலானால் சாட்சிகள் யார், மைனர் பங்கு இருந்ததா என்பது போன்ற ஒரு செய்திகூட இல்லையென்றால், பத்திரங்களின் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை என்றே கொள்ளலாம். "என்னிடம் கொடுக்கப்பட்ட ஆவணங்களின் அடிப்படையில்" என்ற வழக்கமான வரியும் போதாது. நீங்கள் எதைக் கொடுத்தீர்கள் என்பதைத்தான் அது சொல்கிறது, அவர் எதைப் படித்தார் என்பதைச் சொல்வதில்லை. வழக்கறிஞருக்கு முன்பணம் கொடுக்கும்போதே, ஒவ்வொரு பத்திரத்துக்கும் எதிரே முழுவதும் படித்தது, பகுதி படித்தது, படிக்காதது என்று குறித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தரமாட்டேன் என்பவரிடமிருந்து கட்டை அப்போதே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.