லண்டன்ல மாடி ரூமை குறுகிய தங்கலுக்கு விட்டா எந்த கணக்குல வரி கம்மி?

நாம குடியிருக்கிற வீட்டுல ஒரு ரூமை ஆப்ல போட்டு விடறவங்களுக்கு மூணு வழி இருக்கு. ரெண்ட் எ ரூம்ங்கிற அரசு திட்டத்துல வருஷத்துக்கு 7,500 பவுண்டு வரை வர்ற வாடகைக்கு வரி இல்ல. ப்ராப்பர்ட்டி அலவன்ஸ்ல 1,000 கழிச்சுக்கலாம். இல்லன்னா நிஜமா ஆன செலவை கழிச்சு லாபத்துக்கு வரி கட்டலாம். ஒரே வருமானத்துக்கு ரெண்டை சேர்த்து எடுக்க முடியாது.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். ஒருத்தர் வேலைக்கும் போறாரு, 20 சதவீத வரில இருக்காரு, ரூம்ல வருஷத்துக்கு 9,200 வந்துச்சு, கமிஷன், பெட்ஷீட் துவைக்கிறது, கரண்ட் பில்லுல ஒரு பங்குன்னு 2,600 செலவு. செலவை கழிச்சா லாபம் 6,600, வரி 1,320. அலவன்ஸ் எடுத்தா 8,200க்கு 1,640. ரெண்ட் எ ரூம்னா 7,500க்கு மேல இருக்கிற 1,700க்கு மட்டும் தான், வெறும் 340! ஆனா இது தானா வராது, 7,500 லிமிட்டை தாண்டிட்டா வரி ரிட்டர்ன்ல நாமளே இந்த வழி தான் வேணும்னு சொல்லணும், சொல்லலன்னா செலவை கழிக்கிற கணக்குல தான் போகும். பாத்ரூம் ரிப்பேர் அது இதுன்னு செலவு 7,500ஐ தாண்டின வருஷம், இல்ல வந்த வாடகையையே தாண்டி நஷ்டமான வருஷம்னா மட்டும் செலவு கணக்கு நல்லது, ஏன்னா ரெண்ட் எ ரூம்ல 7,500க்கு மேல கழிக்கவும் முடியாது, நஷ்டம் காட்டவும் முடியாது.

நிறைய பேர் தப்பு பண்றது லிமிட் எதுல பாக்கணும்ங்கிறதுல. எனக்கு ஒரு வருஷம் பேங்க்ல வந்தது 7,350, அப்பாடா உள்ள தான் இருக்கோம்னு விட்டுட்டேன், அப்புறம் ஆப்போட வருஷ ஸ்டேட்மென்ட்ட திறந்து பாத்தா கெஸ்ட் கட்டினது 7,577, நடுவுல 3 சதவீத கமிஷன் 227 போயிருக்கு. பாக்க வேண்டியது அந்த 7,577 தான், கெஸ்ட் கிட்ட வாங்குற க்ளீனிங் காசும் அதுல சேரும். 77 பவுண்டுக்கு வரி 15 தான், ஆனாலும் ரிட்டர்ன் போடணும். 2024லேருந்து ஆப்காரங்க நம்ம வருமானத்தை கணக்கெடுத்து வரித்துறையான எச்எம்ஆர்சிக்கு அனுப்புறாங்க, அதனால அவங்க கையில இருக்கிற நம்பரும் நம்ம நம்பரும் ஒத்துப் போகணும்.

புருஷனும் பொண்டாட்டியும் வாடகையை பிரிச்சு எடுத்தா ரெண்ட் எ ரூம் லிமிட் ஆளுக்கு 3,750 தான்.

தனியா வாங்கிப் போட்ட ஃப்ளாட்டுக்கு ரெண்ட் எ ரூம் கிடையாது, நாம குடியிருக்கிற வீடா இருக்கணும். அங்க 1,000 இல்லன்னா நிஜ செலவு, இதுல எது பெருசோ அதை எடுங்க. முன்னாடி ஹாலிடே லெட்னு மார்ட்கேஜ் வட்டியை முழுசா கழிச்சாங்க, 2025 ஏப்ரல்லேருந்து அது போச்சு, இப்போ வட்டில 20 சதவீதம் தான் வரில குறையும், 40 சதவீதம் கட்டுறவங்களுக்கு இது பெரிய அடி. முதல் தடவை ரிட்டர்ன் போடறவங்க வரி வருஷம் முடிஞ்ச அப்புறம் வர்ற அக்டோபர் 5க்குள்ள பதிவு பண்ணிடுங்க.