மாதாமாதம் ஸ்டேட்மென்ட் துழாவல்: இரண்டு வருட அனுபவம்

"நீ மாசாமாசம் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறியே, நிஜமாவே ஏதாவது மிச்சமாகுதா?" என்று போன வாரம் ஒரு நண்பன் கேட்டான். அன்றைக்குத்தான் ஒரு பழைய சந்தாவோடு மல்லுக்கட்டி முடித்திருந்தேன். அந்தக் கடுப்பில் "ஒண்ணும் மிச்சமாகாது, நேரம்தான் போகும்" என்று சொல்லிவிட்டேன். அது நியாயமான பதில் இல்லை. ஆனால் முழுக்கத் தப்பும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மறந்துபோன சந்தாக்களைப் பிடிக்க நான் பயன்படுத்துவது எந்த ஆப்பும் இல்லை. வங்கிக் கணக்கு, கார்டு இரண்டின் ஸ்டேட்மென்ட்டையும் CSV கோப்பாக இறக்கி, ஒரு எக்ஸெல் தாளில் ஒட்டித் துழாவுவது மட்டும்தான். அது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் முறை உட்கார்ந்தபோது மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை மேலிருந்து கீழாகப் படித்தேன். நான்கு சந்தாக்கள் சிக்கின. எல்லாம் நன்றாகத் தெரிந்த பெயர்கள். பார்க்காத படத்தளம், போகாத உடற்பயிற்சி வகுப்பு, அந்த மாதிரி. அரை மணி நேரத்தில் நான்கையும் நிறுத்திவிட்டு, பெரிய ஆள் மாதிரி காப்பி குடித்தேன்.

அங்கேதான் ஏமாந்தேன். கண்ணால் படித்தால் தெரிந்த பெயர்தான் கண்ணில் படும். தெரியாத பெயரை "ஏதோ வாங்கியிருப்போம்" என்று மனசு தானாகவே தாண்டிப் போய்விடும். இந்த இரண்டு வருடத்தில் என்னை விடாமல் எரிச்சல்படுத்திய விஷயம் இந்தப் பெயர்தான். ஸ்டேட்மென்ட்டில் வருவது நமக்குத் தெரிந்த கடைப்பெயர் இல்லை. பணம் வாங்கும் நிறுவனம் பதிவு செய்துவைத்திருக்கும் பெயர் வரும், அல்லது நடுவில் பணத்தைக் கைமாற்றும் நிறுவனத்தின் பெயர் வரும். அதன் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி, பாதியில் வெட்டுப்பட்ட நான்கைந்து எழுத்து, அப்புறம் ஒவ்வொரு மாதமும் மாறும் ஒரு எண். ஒரே சந்தா பன்னிரண்டு மாதமும் பன்னிரண்டு வெவ்வேறு வரியாகத் தெரியும். பெயர்வாரியாக அடுக்கினாலும் எண்ணிக்கை எடுக்க முடியாது. தொகைவாரியாக அடுக்கலாம் என்றால், வெளிநாட்டு நாணயத்தில் பில் போடும் சேவையின் தொகை மாற்று விகிதத்தோடு சேர்ந்து மாதாமாதம் ஆடும். அதுவும் சிதறிவிடும்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி ரொம்பச் சின்னது. இந்த இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நிஜமான சந்தோஷமும் அதுதான். B கட்டத்தில் விவரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். D-யில் அதன் தலையை மட்டும் வெட்டி எடுக்கிறேன். E-யில் அந்தத் தலை எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுகிறேன்.

```
D2: =UPPER(LEFT(SUBSTITUTE(TRIM(B2),"*"," "),14))
E2: =COUNTIF(D:D,D2)
```

நட்சத்திரத்தை எடுத்துவிட்டு இடைவெளி போடுவதற்குக் காரணம் உண்டு. COUNTIF அந்தக் குறியை "இங்கே எது வேண்டுமானாலும் வரலாம்" என்று படித்துக்கொண்டு, சம்பந்தமில்லாததையும் சேர்த்து எண்ணிவிடும். 14 என்பது பட்டுத் தெரிந்துகொண்ட எண். முதலில் எட்டெழுத்துதான் வெட்டினேன். இடைத்தரகர் வழியாகப் போன எல்லாச் செலவும் ஒரே குவியலாகி, எனக்கு ஒரு மாபெரும் சந்தா இருப்பது போலக் காட்டியது. இருபது வெட்டினால் அந்த மாறும் எண் உள்ளே வந்து மறுபடி எல்லாம் சிதறுகிறது. உங்கள் வங்கி எழுதும் விதத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காலம். 13 மாதம் இறக்கினால் போதும், வருடச் சந்தா எல்லாம் அதில் வந்துவிடும் என்று நினைத்தேன். வரத்தான் செய்யும், ஆனால் பெரும்பாலும் ஒரே ஒரு தடவை. ஒரு தடவை வந்த வரிக்கும் ஒரு தடவை வாங்கிய செருப்புக்கும் எக்ஸெல் வித்தியாசம் பார்க்காது. திரும்ப வருவதை வைத்துப் பிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும். அதற்கு 24 மாதம் முழுசாக வேண்டும், 25 இருந்தால் நல்லது, ஏனென்றால் பில் தேதி ஓரிரு நாள் தள்ளிப் போகும். என் வங்கி ஒரே மூச்சில் அவ்வளவு தராது. துண்டு துண்டாக இறக்கி ஒட்டினேன்.

ஒட்டி முடித்ததும் 2,140 வரி. தலை வெட்டிய பிறகு அது 310 பெயராகச் சுருங்கியது. இருபது முறைக்கு மேல் வந்தவை 14. வாடகை, மின்சாரம், போன் என்று ஒன்பதுக்குப் பேச்சே இல்லை. மீதி ஐந்தில் இரண்டு யாரென்றே தெரியவில்லை. சரியாக இரண்டு முறை மட்டும் வந்தவை 41. அதில் ஏறக்குறைய ஒரு வருட இடைவெளியில் விழுந்தவை ஆறு. அந்த ஆறில் மூன்று எனக்குத் தேவையே இல்லாதவை. திரும்பத் திரும்பப் போகும் பணம் மொத்தம் 100 என்று வைத்தால், வீணாகப் போனது 13. அதில் 8 வருடத்துக்கு ஒரு முறை பணம் எடுக்கும் இந்த மூன்றால் மட்டும். மாதச் சந்தாவைத் தேடித் தேடிக் கொன்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து அவை மூன்றும் மூலையில் உட்கார்ந்து சிரித்திருக்கும்.

சரி, அந்தப் பழைய சந்தா. தெரியாத இரண்டில் ஒன்று, மாதாமாதம் 7-ஆம் தேதி வாக்கில் போகும் சின்னத் தொகை. பெயரைப் பார்த்தால் ஏதோ மொத்த வியாபாரக் கம்பெனி மாதிரி இருந்தது. மின்னஞ்சலில் அந்தப் பெயரைத் தேடினேன், ஒன்றும் இல்லை. இணையத்தில் தேடினால் என்னைப் போலவே "இது யார்?" என்று கேட்பவர்கள்தான் கிடைத்தார்கள். கடைசியில் பெயரை விட்டுவிட்டு, புள்ளிக்குப் பின்னால் உள்ள காசு வரைக்கும் சரியாகத் தொகையை மட்டும் மின்னஞ்சல் தேடலில் போட்டேன். உடனே வந்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு ரசீது: பழைய போனில் படங்களைச் சேமித்துவைக்க எடுத்த கூடுதல் இடம். பெயர் தெரியாத பற்றுக்கு இப்போதெல்லாம் நான் முதலில் செய்வது இந்தத் தொகைத் தேடல்தான். விற்பனை வரி சேர்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் சறுக்கும், ரசீதில் வரிக்கு முந்தைய தொகை தனியாக இருக்கும்.

அந்த ஆப்பை நான் எப்போதோ நீக்கியிருந்தேன். நீக்கினால் சந்தாவும் போய்விடும் என்று நம்பியிருந்தேன். போகாது. ஆப் என்பது போனில் இருக்கும் ஒரு கதவு, அவ்வளவுதான். சந்தா இருப்பது அவர்களிடம் உள்ள கணக்கில். சரி, நடுவில் என் கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு வந்ததே, அப்போதாவது செத்திருக்க வேண்டாமா? அதுவும் இல்லை. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் புதுக் கார்டின் எண்ணையும் காலாவதித் தேதியையும் வணிகர்களுக்குத் தானாகவே தெரிவிக்கும் ஏற்பாடு உண்டு. வங்கியும் வணிகரும் அதில் சேர்ந்திருந்தால் சந்தா ஒரு நாள்கூடத் தடுமாறாமல் புதுக் கார்டுக்குத் தாவிவிடும். மின்கட்டணத்துக்கு இது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நம் மறதியைக் கலைக்கும் ஒரே சத்தமும் இதனால் அடங்கிப் போகிறது. ஐனாவ், க்ளோபாக், மஹோனி என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இதைத்தான் அளந்து பார்த்தார்கள். கார்டு மாறிப் புது விவரம் கொடுக்க வேண்டி வரும் மாதத்தில் ரத்து செய்பவர்கள் சட்டென்று கூடுகிறார்கள். மற்ற மாதங்களில் பேசாமல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் போலத்தான்.

ரத்து செய்யப் போனால், கணக்கு பழைய மின்னஞ்சலில் இருந்தது. அதன் கடவுச்சொல்லை மீட்க பழைய போன் எண் கேட்டது. அந்த எண் இப்போது என்னிடம் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு ரசீதையும் கார்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் அனுப்பி, மூன்று முறை ஒரே கேள்விக்கு ஒரே பதில் சொல்லி, பதினோராவது நாள் உள்ளே போனேன். "ரத்து செய்" பொத்தான் நான்கு பக்கம் தள்ளி இருந்தது. நடுவில் பாதி விலைச் சலுகை ஒன்று குறுக்கே வந்து நின்றது. அந்தப் பக்கத்தோடு முடிந்துவிட்டது என்று மூடியிருந்தால் சந்தா உயிரோடுதான் இருந்திருக்கும்.

நிஜமாகவே நின்றதா என்று அறிய நான் பார்ப்பது ஒரே ஒரு வார்த்தையை. சந்தா பக்கத்தில் தேதிக்கு முன்னால் Renews என்று இருந்தால் இன்னும் ஓடுகிறது. Expires அல்லது Ends என்று மாறியிருந்தால் நின்றுவிட்டது. அதைப் படம் பிடித்து வைத்துவிட்டு, அடுத்த பில் தேதி தாண்டியதும் ஸ்டேட்மென்ட்டில் ஒரு முறை பார்க்கிறேன். இரண்டு வருடத்தில் ஒரு தடவை இந்தப் படம்தான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

இந்தத் துழாவலில் சிக்காதவையும் உண்டு. ஆப் கடை வழியாக எடுத்த சந்தாக்கள் ஸ்டேட்மென்ட்டில் ஆப் கடையின் பெயரில்தான் வரும், சில நேரம் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே தொகையாக. அதை எக்ஸெல்லால் பிரிக்க முடியாது. போனில் உள்ள சந்தாப் பட்டியலைத் திறந்துதான் பார்க்க வேண்டும். அதே மாதிரி, வீட்டில் இன்னொருவர் கார்டில் ஓடுவதும் என் தாளில் வராது. ஒரே இசைச் சேவைக்கு ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒன்றரை வருடம் தனித்தனியாகக் கட்டிய கதையை இங்கே எழுதினால் எனக்குச் சோறு கிடைக்காது.

இனி நண்பனின் கேள்விக்கு வருகிறேன். நான் பிடித்த பணத்தில் கிட்டத்தட்ட எல்லாமே இரண்டு உட்காரலில் வந்தது. கண்ணால் படித்த அந்த முதல் அரை மணி நேரம் ஒன்று, 25 மாதத்தை ஒட்டிய அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று. மற்ற இருபதுக்கும் மேற்பட்ட மாதங்களில் கிடைத்தது ஒரு விலையேற்றமும் பயன்படுத்தாத ஒரு பழைய கணக்கின் பராமரிப்புக் கட்டணமும்தான். அதனால் மாதாமாதம் செய்யாதே என்றுதான் அப்புறம் அவனிடம் சொன்னேன். வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு வருடக் கோப்போடு, ஒரே உட்காரலில் முடித்துவிடு. மாதாமாதம் பார்ப்பது வெட்டி வேலை.

"அப்ப நீ நிறுத்திட்டியா?" என்று கேட்டான். இந்த மாதக் கோப்பை அவன் கேட்பதற்கு முன்பே இறக்கி வைத்திருந்தேன். 14-ஐ 15 ஆக்கிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது.